எட்டு மாதமா, எட்டு ஆண்டா?

மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் நிராகரிப்புக் கடிதம் பெரும்பாலும் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். மேலே பாலிசி எண்ணும் க்ளெய்ம் எண்ணும் இருக்கும், கீழே “வருந்துகிறோம்” இருக்கும், நடுவில் நான்கைந்து வரிகள். கடிதம் வந்ததும் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் போன் போட்டுக் கத்துகிறவர்கள் உண்டு. பாலிசி எடுத்துக்கொடுத்த ஏஜென்டைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. “இவ்வளவு வருஷம் பிரீமியம் கட்டினோமே” என்று நாலு பக்கத்துக்கு மனு எழுதுகிறவர்களும் உண்டு. அந்த மனுவில் உள்ள ஆற்றாமை நியாயமானதுதான். ஆனால் நடுவில் இருக்கும் அந்த நான்கைந்து வரிகளுக்கு அதில் பதில் இருக்காது. அதனால் அதே வரிகள் மறுபடியும் திரும்பி வரும்.

மேல்முறையீடு என்பது அந்த வரிகளுக்குப் பதில் சொல்வது. எப்படி என்று பார்க்க ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். இது ஒரு தனிமனிதரின் கதை இல்லை. இத்தகைய கோப்புகளில் திரும்பத் திரும்ப வரும் அம்சங்களைச் சேர்த்து அமைத்தது.

பாளையங்கோட்டையில் தனியார் பள்ளி ஆசிரியை ஒருவர், வயது 54. 2021 ஆகஸ்ட் 12 அன்று ஐந்து லட்ச ரூபாய்க்கு மருத்துவக் காப்பீடு எடுத்தார். ஒரு வருடமும் விடாமல் புதுப்பித்திருக்கிறார். 2025 பிப்ரவரி 20 அன்று நெஞ்சுவலியோடு மருத்துவமனையில் சேர்ந்தார். இதய ரத்தக்குழாயில் அடைப்பு. ஆஞ்சியோபிளாஸ்டி செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். பில் 2,86,400 ரூபாய். கேஷ்லெஸ் கேட்டதற்கு, “மேலும் விசாரிக்க வேண்டியிருக்கிறது, இப்போது அனுமதிக்க இயலாது” என்று பதில் வந்தது. நகையை வைத்துப் பணம் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். கேஷ்லெஸ் மறுக்கப்பட்டால் க்ளெய்மே போய்விட்டது என்று அர்த்தமில்லை. கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமை அப்படியே இருக்கிறது. அவரும் கேட்டார். மார்ச் 18 அன்று நிராகரிப்புக் கடிதம் வந்தது.

கடிதத்தின் சாரம் இது: டிஸ்சார்ஜ் சம்மரியின்படி இவருக்கு எட்டு ஆண்டுகளாக உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது. பாலிசி எடுத்தது மூன்றரை ஆண்டுகளுக்கு முன். அப்படியானால் பாலிசி எடுக்கும்போதே நோய் இருந்திருக்கிறது, அதை முன்மொழிவுப் படிவத்தில் மறைத்துவிட்டார். எனவே ‘தகவல் வெளிப்படுத்தல்’ விதியின் கீழும், முன்பே இருந்த நோய்கள் பற்றிய Excl01 விலக்கின் கீழும் க்ளெய்ம் நிராகரிக்கப்படுகிறது.

ஆசிரியைக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிரஷர் இருப்பதே அவருக்கு 2024 ஜூனில்தான் தெரியும். எட்டு ஆண்டு எங்கிருந்து வந்தது?

கேஸ் ஷீட்டைக் கேட்டு வாங்குங்கள்

டிஸ்சார்ஜ் சம்மரி என்பது சிகிச்சை முடிந்து, வீட்டுக்கு அனுப்பும் அவசரத்தில், பயிற்சி மருத்துவரோ தட்டச்சு செய்பவரோ தொகுத்துக் கொடுக்கும் சுருக்கம். அதற்குப் பின்னால் பெரிய கட்டு ஒன்று மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் இருக்கிறது. அவசரப் பிரிவில் முதலில் பார்த்த மருத்துவரின் குறிப்பு, செவிலியரின் சேர்க்கைக் குறிப்பு, தினசரிக் குறிப்புகள், மருந்து அட்டவணை, இ.சி.ஜி., எக்கோ எல்லாம் அதில் உண்டு. மருத்துவமனையில் கேஸ் ஷீட் என்பார்கள், காப்பீட்டு நிறுவனங்கள் உள்நோயாளி ஆவணங்கள் என்று குறிப்பிடும். காப்பீட்டு நிறுவனத்தின் விசாரணை ஆள் மருத்துவமனைக்குப் போய்ப் புரட்டிப் பார்ப்பது இந்தக் கட்டைத்தான். நோயாளியோ பெரும்பாலும் அதைப் பார்த்ததே இல்லை.

கேட்டால் கொடுக்க வேண்டும். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு தொழில் நெறிமுறை விதிகளின்படி, உள்நோயாளி ஆவணங்களை மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். நகல் எடுக்கும் கட்டணம் கேட்பார்கள், கட்டிவிடலாம். விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, முத்திரை போட்ட நகல் ஒன்றை வாங்கிக்கொள்வது நல்லது. பக்கங்களுக்கு எண் போட்டு, மருத்துவமனை முத்திரையோடு வாங்க வேண்டும். பின்னால் “ஏழாம் பக்கத்தைப் பாருங்கள்” என்று எழுத இந்த எண்தான் உதவும்.

ஆசிரியையின் கேஸ் ஷீட்டில் ஏழாம் பக்கம் அவசரப் பிரிவு மருத்துவரின் கையெழுத்துக் குறிப்பு. அதில் ரத்த அழுத்தம் ‘எட்டு மாதம்’ என்றும், டெல்மிசார்டன் 40 மி.கி. மாத்திரை சாப்பிடுகிறார் என்றும் இருந்தது. செவிலியர் குறிப்பிலும் எட்டு மாதம்தான். தட்டச்சான டிஸ்சார்ஜ் சம்மரியில் மட்டும் அது எட்டு ஆண்டாகியிருந்தது. மருத்துவர்கள் மாதத்தையும் ஆண்டையும் ஓரிரு எழுத்தில் சுருக்கித்தான் எழுதுவார்கள். எங்கே தவறியது என்று ஊகிக்க அதிக நேரம் ஆகாது.

இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். மருத்துவமனைக்கு ஓடி, “தப்பாப் போட்டுட்டீங்க, புதுசா அடிச்சுக் கொடுங்க” என்று கேட்கிறார்கள். மருத்துவமனையும் பழைய தேதியிலேயே திருத்திய சம்மரியைக் கொடுத்துவிடுகிறது. இதைவிடக் கெடுதல் வேறில்லை. முதல் சம்மரி ஏற்கெனவே காப்பீட்டு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஒரே தேதியில் இரண்டு சம்மரிகள், ஒன்றில் எட்டு ஆண்டு, மற்றதில் எட்டு மாதம். இதுவரை தட்டச்சுப் பிழையாக இருந்தது இனி ஆவண மோசடி என்ற சந்தேகமாகிவிடும்.

சரியான வழி, சிகிச்சையளித்த மருத்துவர் இன்றைய தேதியிட்டு ஒரு விளக்கச் சான்று கொடுப்பது. மருத்துவமனையின் முகப்புத்தாளில், உள்நோயாளி எண், தன் மருத்துவப் பதிவு எண், கையெழுத்து, முத்திரை ஆகியவற்றோடு அது இருக்க வேண்டும். முதல் சம்மரியில் எட்டு ஆண்டு என்று இருப்பதை மறைக்காமல் சொல்லி, கேஸ் ஷீட்டின் ஏழாம் பக்கத்தில் எட்டு மாதம் என்று இருப்பதைக் காட்டி, பெயர்த்தெழுதும்போது பிழை நேர்ந்தது என்று எழுத வேண்டும். அப்படி எழுதினாலும் அதன் எடை குறைவுதான் என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நிராகரிப்புக்குப் பிறகு வாங்கிய சான்று என்றாலே, “நோயாளிக்காகப் பின்னர் எழுதிக் கொடுத்தது” என்று நிறுவனம் சொல்லும். குறைதீர்ப்பு மன்றங்களும் வெறும் சான்றை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லத் தயங்கும். தகராறு தோன்றுவதற்கு முன்பே, யாருக்கும் எதையும் நிரூபிக்கும் நோக்கமில்லாமல் எழுதப்பட்ட தாளுக்குத்தான் மதிப்பு.

அப்படிப்பட்ட தாள்கள் வீட்டிலும் இருக்கும். ஆசிரியையிடம் மூன்று கிடைத்தன. 2024 ஜூனில் தெருமுனை டாக்டர் முதன்முதலாக மாத்திரை எழுதிய சீட்டு ஒன்று. அதில் ரத்த அழுத்த அளவு 160/100 என்றும், ‘புதிதாகக் கண்டறியப்பட்டது’ என்றும் இருந்தது. இரண்டாவது, அந்த மாதத்திலிருந்து மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிய ரசீதுகள். மூன்றாவது, 2020-ல் பள்ளி நிர்வாகம் எல்லா ஆசிரியர்களுக்கும் எடுத்த உடல் தகுதிச் சான்று. அதில் ரத்த அழுத்தம் 124/80. பாலிசி எடுப்பதற்கு முந்தைய ஆண்டின் தாள் இது, ஆகவே மூன்றிலும் இதுவே கனமானது. எல்லோர் வீட்டிலும் இப்படி ஒன்று கிடைத்துவிடாது. ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கும்போது எடுத்த மருத்துவச் சான்று, ரத்ததான முகாமில் கொடுத்த அட்டை, பழைய கண் அறுவைச் சிகிச்சைக்கு முன் எடுத்த பரிசோதனை என்று தேடினால் ஏதாவது அகப்படலாம்.

பாலிசி என்ன சொல்கிறது?

அடுத்தது பாலிசிப் புத்தகம். கையில் இருப்பது பெரும்பாலும் இரண்டு பக்கச் சான்றிதழாக இருக்கும், விதிகள் அடங்கிய முழு ஆவணம் இணையத்திலோ மின்னஞ்சலிலோ கிடக்கும். பாலிசி எடுத்த ஆண்டின் விதிகளும், சிகிச்சை நடந்த ஆண்டின் விதிகளும் இரண்டுமே வேண்டும். கூடவே, கையெழுத்திட்ட முன்மொழிவுப் படிவத்தின் நகலையும் நிறுவனத்திடம் கேட்டு வாங்க வேண்டும். மறைத்தார் என்று குற்றம் சாட்டுகிறவர், என்ன கேட்டோம், என்ன பதில் வந்தது என்பதைக் காட்டியாக வேண்டுமே! போனில் கேட்டு நிரப்பப்பட்ட பாலிசியாக இருந்தால் அந்தக் குரல் பதிவைக் கேட்கலாம்.

Excl01 என்பது ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்குப் போட்டுக்கொண்ட எண் இல்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ., எல்லா மருத்துவக் காப்பீடுகளிலும் பொது விலக்குகளுக்கு ஒரே வாசகத்தையும் ஒரே குறியீட்டையும் விதித்திருக்கிறது. முன்பே இருந்த நோய்க்கு, குறிப்பிட்ட மாதங்கள் தொடர்ச்சியாகக் காப்பீடு ஓடும்வரை பணம் கிடையாது என்பது Excl01-இன் சாரம். அந்தக் காத்திருப்புக் காலம் முன்பு அதிகபட்சம் 48 மாதமாக இருந்தது. 2024-இல் ஆணையம் அதை 36 மாதமாகக் குறைத்தது. ஆசிரியையின் பாலிசியில் தொடக்கத்திலேயே 36 மாதம்தான். அது 2024 ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது. அவர் மருத்துவமனையில் சேர்ந்தபோது 42 மாதங்கள் கடந்திருந்தன.

அப்படியானால் Excl01 பொருந்தவே பொருந்தாது என்று எழுதிவிடலாமா? பலர் அப்படித்தான் எழுதி மாட்டிக்கொள்கிறார்கள். அதே விலக்கின் கடைசி உட்பிரிவைப் படிக்க வேண்டும். காத்திருப்புக் காலம் முடிந்த பிறகு கிடைக்கும் பாதுகாப்பு, அந்த நோயை விண்ணப்பத்தின்போதே சொல்லி நிறுவனம் ஏற்றுக்கொண்டிருந்தால்தான் என்று அது சொல்கிறது. மறைத்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் முடிவதே இல்லை. எனவே மாதக் கணக்கு மட்டும் அவரைக் காப்பாற்றாது.

மொரட்டோரியம் என்று ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. தொடர்ந்து 60 மாதங்கள் காப்பீடு ஓடிவிட்டால், தகவலை மறைத்தார், தவறாகச் சொன்னார் என்ற காரணத்துக்காக க்ளெய்மை மறுக்க முடியாது. மோசடி என்று நிரூபித்தால் மட்டுமே மறுக்கலாம். 2024-க்கு முன் இது எட்டு ஆண்டாக இருந்தது. வேறு நிறுவனத்திலிருந்து போர்ட் செய்து வந்தவர்களுக்குப் பழைய ஆண்டுகளும் கணக்கில் சேரும். இடையில் காப்பீட்டுத் தொகையைக் கூட்டியிருந்தால், கூட்டிய பகுதிக்கு மட்டும் அந்த நாளிலிருந்து தனிக் கணக்கு. நிராகரிப்புக் கடிதம் வந்ததும் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது இந்த மாதங்களைத்தான். 60 தாண்டியிருந்தால் வாதம் ஒரே பத்தியில் முடிந்துவிடும். ஆசிரியைக்கு அந்தக் கணக்கு 2026 ஆகஸ்டில்தான் நிறையும். ஆகவே அவருக்கு இதுவும் கைகொடுக்காது.

மிச்சம் இருப்பது ஒரே கேள்வி. 2021 ஆகஸ்டுக்கு முன் அவருக்கு இந்த நோய் ‘முன்பே இருந்ததா’? இதற்கு அகராதி வேண்டாம், பாலிசியிலேயே இலக்கணம் இருக்கிறது. பாலிசி தொடங்குவதற்கு முந்தைய குறிப்பிட்ட காலத்துக்குள் ஒரு மருத்துவர் கண்டறிந்த நோய், அல்லது மருத்துவர் ஆலோசனையோ சிகிச்சையோ பரிந்துரைத்த அல்லது அளித்த நோய், இதுதான் முன்பே இருந்த நோய். அந்தக் காலம் பழைய பாலிசிகளில் 48 மாதம், இப்போது 36 மாதம். எது ஆனாலும் இலக்கணத்தின் உயிர் ‘மருத்துவர்’ என்ற சொல்லில் இருக்கிறது. உடம்புக்குள் சத்தமில்லாமல் இருந்து, எந்த மருத்துவரும் கண்டுபிடிக்காத நோய் இதில் வராது. தெரியாத ஒன்றைப் படிவத்தில் எழுதவும் முடியாது.

கடிதம்

ஆசிரியையின் குடும்பம் மார்ச் 28 அன்று நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்பியது. இந்த அலுவலரின் முகவரி நிராகரிப்புக் கடிதத்தின் அடியிலோ பாலிசியின் கடைசிப் பக்கங்களிலோ இருக்கும். வாடிக்கையாளர் சேவைக்கு எழுதுவது வேறு, இவருக்கு எழுதுவது வேறு. இவருக்கு எழுதினால் 14 நாட்களுக்குள் தீர்வு சொல்ல வேண்டும். ஆணையத்தின் bimabharosa.irdai.gov.in தளத்திலும் அதே புகாரைப் பதிவு செய்தார்கள். அந்தத் தளம் தீர்ப்புச் சொல்லாது, புகாரை நிறுவனத்துக்குத் தள்ளி, பதில் வந்ததா என்று கண்காணிக்கும். ஆனாலும் பதிவு எண் ஒன்று கிடைக்கிறது, தேதிக்கு ஒரு சாட்சி ஆகிறது. இணையம் கைவராதவர்கள் 155255 என்ற எண்ணில் கூப்பிட்டுப் பதியலாம்.

பெரும்பாலோர் ஆங்கிலத்தில்தான் அனுப்புகிறார்கள். தமிழில் சொன்னால் கடிதத்தின் உடல் இப்படி இருந்தது:

“தங்கள் 18.3.2025 கடிதம், எனக்கு எட்டு ஆண்டுகளாக உயர் ரத்த அழுத்தம் உள்ளது என்ற ஒரே அடிப்படையில் க்ளெய்மை நிராகரித்துள்ளது. இதற்கு டிஸ்சார்ஜ் சம்மரியைத் தவிர வேறு ஆவணம் எதையும் தாங்கள் குறிப்பிடவில்லை.

சம்மரிக்கு அடிப்படையான கேஸ் ஷீட்டின் 7, 9 ஆகிய பக்கங்களில் இந்நோயின் காலம் எட்டு மாதம் என உள்ளது (இணைப்பு 1). முதன்முதலில் கண்டறிந்த மருத்துவரின் ஜூன் 2024 சீட்டு இணைப்பு 2. அதிலிருந்து மருந்து வாங்கிய ரசீதுகள் இணைப்பு 3. பாலிசிக்கு முந்தைய 2020-ஆம் ஆண்டு உடல் தகுதிச் சான்று, ரத்த அழுத்தம் 124/80, இணைப்பு 4. பிழையை விளக்கும் சிகிச்சை மருத்துவரின் சான்று இணைப்பு 5.

பாலிசியின் இலக்கணப்படி, பாலிசி தொடங்குவதற்கு முன் மருத்துவர் கண்டறிந்த அல்லது சிகிச்சையளித்த நோயே முன்பே இருந்த நோய். 12.8.2021-க்கு முன் அப்படிக் கண்டறிந்ததற்கோ சிகிச்சையளித்ததற்கோ தங்களிடம் ஆவணம் இருந்தால் அதன் நகலைத் தருக. இல்லையெனில் Excl01-உம் தகவல் வெளிப்படுத்தல் விதியும் பொருந்தா.

இந்த நிராகரிப்பு, ஆணையத்தின் 2024 சுற்றறிக்கை கோரும் க்ளெய்ம் மறுபரிசீலனைக் குழுவின் ஒப்புதலோடு செய்யப்பட்டதா என்பதையும், முன்மொழிவுப் படிவத்தின் நகலையும் தருக. அனுமதிக்கத்தக்க தொகையைத் தாமதத்துக்கான வட்டியுடன் வழங்கக் கோருகிறேன்.”

அவ்வளவுதான். நகை வைத்த கதை இதில் இல்லை, நுகர்வோர் மன்றத்துக்குப் போவேன் என்ற மிரட்டலும் இல்லை. கடைசிப் பத்தியில் வரும் குழு பற்றி ஒரு சொல். 2024 மே மாதம் வெளியான ஆணையத்தின் மருத்துவக் காப்பீட்டு முதன்மைச் சுற்றறிக்கைப்படி, எந்த க்ளெய்மையும் அந்தக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் மறுக்கக் கூடாது. மறுத்தால் பாலிசியின் எந்த விதியின்படி என்பதையும் குறிப்பிட வேண்டும். டி.பி.ஏ. எனப்படும் இடைநிலை நிறுவனத்தின் மேசையிலேயே முடிந்துபோன நிராகரிப்புகள், இந்தக் கேள்வியைக் கேட்டதும் மேலே ஒரு மருத்துவரின் கண்ணுக்குப் போகும் வாய்ப்பு உண்டு.

நிறுவனத்தின் பதில் ஏப்ரல் 9 அன்று வந்தது. நிராகரிப்பு தொடர்கிறது என்றார்கள். ஆனால் காரணம் கொஞ்சம் நகர்ந்திருந்தது. விளக்கச் சான்று பின்னர் யோசித்து வாங்கியது என்றார்கள். அதோடு புதிதாக ஒன்று: எக்கோ பரிசோதனையில் இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்திருக்கிறது, எட்டு மாத பிரஷரில் இது வராது, நெடுநாள் நோய்க்கு இதுவே அடையாளம்.

மருத்துவரீதியாக இது வெறும் சாக்கு இல்லை. கட்டுப்படாத ரத்த அழுத்தம் பல காலம் இருந்தால் இதயச் சுவர் தடிக்கும் என்பது உண்மை. ஆசிரியைக்கு 2024 ஜூனுக்கு முன்பே பிரஷர் ஏறியிருந்திருக்கலாம், அவருக்கே தெரியாமல். ஆனால் பாலிசியின் இலக்கணத்தை மறுபடி எடுத்துப் பார்த்தால் பதில் அங்கேயே இருக்கிறது. நோய் எப்போது தொடங்கியது என்று பாலிசி கேட்கவில்லை, மருத்துவர் எப்போது கண்டறிந்தார் என்றுதான் கேட்கிறது. தடித்த சுவர் முதல் கேள்விக்கு விடை தரலாம், இரண்டாவதற்குத் தராது. மேலும், முதல் கடிதத்தில் இல்லாத காரணம் இது. நிராகரிப்புக் கடிதத்தில் சொல்லாத காரணத்தைப் பின்னால் நுகர்வோர் மன்றத்தில் முதன்முதலாக எழுப்பக் கூடாது என்று 2019-ல் ஒரு தொழிற்சாலைக் காப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இங்கே இரண்டாவது கடிதத்தில் வந்துவிட்டதால் அந்த வாதத்துக்குப் பாதி வலுதான். இலக்கணத்தின் மீது நிற்பதே பத்திரம்.

குறைதீர்ப்பாளரிடம்

அடுத்த படி இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன் எனப்படும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரி, காரைக்காலுக்கும் உரிய அலுவலகம் சென்னை அண்ணா சாலையில், தேனாம்பேட்டையில் இருக்கிறது. நேரில் போக வேண்டியதில்லை, cioins.co.in தளத்தில் புகார் பதியலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க அனுமதியும் கிடையாது. இழப்பீடு 50 லட்ச ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முதலில் நிறுவனத்துக்கு எழுதி, அது மறுத்திருக்க வேண்டும், அல்லது ஒரு மாதம் பதில் சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். அந்த மறுப்பு வந்து ஓர் ஆண்டுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். இந்த ஓராண்டு விஷயத்தில் ஏமாறுகிறவர்கள் அதிகம். “மேலிடத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம்” என்று யாராவது போனில் சொன்னதை நம்பிக் காத்திருந்து, நாள் தாண்டிப் போய்விடும்.

ஒழுங்கு முறையிலும் கவனம் வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடந்துகொண்டிருந்தால் குறைதீர்ப்பாளர் எடுக்க மாட்டார். ஆனால் குறைதீர்ப்பாளர் எதிராகச் சொல்லிவிட்டால், நுகர்வோர் ஆணையத்துக்குப் போகத் தடையில்லை. அவர் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், புகார்தாரரைக் கட்டுப்படுத்தாது. ஆகவே முதலில் இங்கே வருவதில் நஷ்டமில்லை, நுகர்வோர் ஆணையத்துக்குரிய இரண்டாண்டுக் கெடு மட்டும் நினைவில் இருந்தால் போதும்.

விசாரணை பல நேரம் காணொளியில் நடக்கும், சில நிமிடங்களில் முடிந்துவிடும். நிறுவனத்தின் தரப்பில் ஒரு மருத்துவர் பேசுவார். ஆசிரியையின் தரப்பில் சொல்ல வேண்டியது இரண்டே இரண்டு: ஏழாம் பக்கமும், பாலிசியின் இலக்கணமும். கேட்க வேண்டியது ஒன்று: 2021 ஆகஸ்டுக்கு முன் நான் எந்த மருத்துவரிடம் இதற்காகப் போனேன் என்பதற்கு உங்களிடம் ஒரு சீட்டாவது இருக்கிறதா? மறைத்ததாகச் சொல்லும் நிறுவனம்தான் அதை நிரூபிக்க வேண்டும். நோயாளி சொன்னதாக யாரோ எழுதிய ஒரு வரியை மட்டும், அதற்கு முந்தைய சிகிச்சைக்கான ஆவணம் ஏதுமில்லாமல், போதுமான சாட்சியாக எடுத்துக்கொள்ள நுகர்வோர் ஆணையங்கள் பலமுறை மறுத்திருக்கின்றன.

கேட்கும் தொகையிலும் நேர்மை வேண்டும். பில் 2,86,400 என்றால் முழுவதும் கேட்கக் கூடாது. கையுறை, பதிவுக் கட்டணம் போன்ற, பாலிசி தராத இனங்கள் அதில் 9,150 ரூபாய்க்கு இருந்தன. அவற்றைத் தானே கழித்து 2,77,250 என்று கேட்டால், கணக்குத் தெரிந்த மனிதர் என்ற எண்ணம் எதிரே இருப்பவருக்கு வரும். அதோடு தாமதத்துக்கு வங்கி விகிதத்துக்கு மேல் 2 சதவீத வட்டி. தேவையான ஆவணங்கள் எல்லாம் கிடைத்த மூன்று மாதத்துக்குள் குறைதீர்ப்பாளர் தீர்ப்பளிக்க வேண்டும். சாதகமாக வந்தால் நிறுவனம் 30 நாட்களுக்குள் நிறைவேற்ற வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வீதம் புகார்தாரருக்குத் தர வேண்டியிருக்கும்.

உண்மையிலேயே எட்டு ஆண்டாக மாத்திரை சாப்பிட்டு, படிவத்தில் ‘இல்லை’ என்று குறித்திருந்தால் என்ன செய்வது? “ஏஜென்ட்தான் நிரப்பினார், நான் கையெழுத்து மட்டும் போட்டேன்” என்பது மிகவும் சாதாரணமாகச் சொல்லப்படும் பதில். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கையெழுத்து உங்களுடையது என்பதால் அது அபூர்வமாகத்தான் எடுபடும். 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வெளிநாட்டுப் பயணக் காப்பீடு எடுத்துக்கொண்டு அமெரிக்கா போன இடத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்ட ஒருவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்ததை இத்தகையவர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். அவர் தமக்குச் சர்க்கரை நோய் இருப்பதை முன்கூட்டியே சொல்லியிருந்தார், நிறுவனம் அவரைப் பரிசோதித்தே பாலிசி கொடுத்திருந்தது. சொன்னவருக்கு ஆதரவான தீர்ப்பு அது, சொல்லாதவர்களுக்கு உதவாது. 60 மாதம் கடக்காத, உண்மையிலேயே மறைத்த க்ளெய்முக்கு மேல்முறையீடு பலவீனமானது என்பதே நேரான பதில்.

இந்தப் போராட்டத்தின் நடுவே ஒரு தேதி ஓசையில்லாமல் வரும். ஆசிரியைக்கு அது 2025 ஆகஸ்ட் 12, புதுப்பிக்கும் நாள். க்ளெய்மைத் தராத நிறுவனத்துக்கு எதற்குப் பிரீமியம் என்ற கோபத்தில் கட்டாமல் விடுகிறவர்கள் உண்டு. விட்டால் 60 மாதக் கணக்கு அறுந்துவிடும், ஸ்டென்ட் வைத்த உடம்புக்கு வேறு யாரும் எளிதில் பாலிசி தரவும் மாட்டார்கள். ஆண்டுக்கொருமுறை கட்டும் பாலிசிக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு, அதற்குள் கட்டிவிட வேண்டும். சில நிராகரிப்புக் கடிதங்களில், தகவலை மறைத்ததால் பாலிசியே ரத்து செய்யப்படுகிறது என்று கடைசி வரியில் இருக்கும். பணம் வராத பதற்றத்தில் அந்த வரியை யாரும் கவனிப்பதில்லை. அப்படி இருந்தால், குறைதீர்ப்பாளரிடம் கேட்கும் நிவாரணத்தில் க்ளெய்ம் தொகைக்கு அடுத்த வரியாக, ‘பாலிசியை அதன் தொடர்ச்சிப் பலன்களோடு மீண்டும் உயிர்ப்பிக்க வேண்டும்’ என்பதையும் எழுத வேண்டும். எழுதாவிட்டால், 2,77,250 ரூபாய் கைக்கு வந்து, பாலிசி கைவிட்டுப் போயிருக்கும்.